தொடர்மாடி லிப்ட் அடிக்கடி நிற்கிறது: வாடகைக்கு இருப்பவர் கட்டடச் சங்கத்துக்கு எப்படிக் கடிதம் எழுதலாம்?

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 16

யாழ்ப்பாணம் நாவலர் வீதிப் பக்கம் ஒரு தொடர்மாடியில் நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்த்தளத்துக்கு மேல் ஐந்து மாடி, ஒரே ஒரு லிப்ட். போன வருடக் கடைசியிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிற்கிறது. காவலாளி ஐயா மொட்டைமாடிக்குப் போய் மெயின் சுவிட்சை நிறுத்திப் போட்டால் திரும்ப ஓடும். கம்பனியிலிருந்து ஒரு தம்பி வருவார், மேலும் கீழுமாக ஓடிப் பார்ப்பார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இரண்டு நாளில் பழையபடி.

அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்து பிசியோதெரபிக்குப் போய் வருகிறார். லிப்ட் நிற்கிற நாளில் அவருக்கு வீடே சிறை. சங்கச் செயலாளரிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். "கரண்ட் பிரச்சினை, நாடு முழுக்க அப்படித்தான்" என்கிறார். இனி எழுத்தில் கொடுக்க வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"எமது கட்டடத்தின் லிப்ட் தொடர்ந்து பழுதடைவதால் குடியிருப்பாளர்கள் பெரும் அசௌகரியத்துக்கு உள்ளாகியுள்ளனர். இதனை உடனடியாகத் திருத்தித் தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா? நான் வாடகைக்காரி, வீட்டுச் சொந்தக்காரர் லண்டனில். என்னுடைய கடிதத்துக்குப் பெறுமதி இருக்குமா?

சுன்னாகம் வயரிங் | 2025 பெப்ரவரி 16

செயலாளர் சொல்வது சரிதான். வோல்ட்டேஜ் குறைந்தால் லிப்ட் மோட்டர் இழுக்காது. பின்னேரத்தில் எங்கள் பக்கம் 200க்கும் கீழே இறங்குகிறதை நானே மீற்றரில் பார்த்திருக்கிறேன். சங்கத்துக் காசில் ஒரு ஸ்ரெபிலைசர் போடச் சொல்லி எழுதுங்கோ, காரியம் முடிந்தது.

ஸ்காபரோ | 2025 பெப்ரவரி 16

எனக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு அப்பார்ட்மென்ட் இருக்கிறது. மாதாமாதம் பராமரிப்புக் காசு இங்கிருந்து அனுப்புகிறேன். ஒருநாளும் கணக்கு வந்ததில்லை. வாடகைக்காரர்கள் லிப்டில் சீமெந்து மூட்டை ஏற்றி உடைத்துவிட்டுச் சொந்தக்காரனிடம் காசு கேட்பதுதான் நடக்கிறது. யார் காசு கட்டுவது என்பதை முதலில் எழுதுங்கள்.

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 16

ஸ்காபரோ அண்ணை, நான் காசு பற்றிக் கேட்கவில்லை. பராமரிப்புக் காசு எங்கள் வாடகையோடு சேர்ந்தே போகிறது. லிப்ட் ஓட வேண்டும், அதற்கு என்ன எழுத வேண்டும் என்பதுதான் கேள்வி.

கட்டுவன் பாஸ் | 2025 பெப்ரவரி 17

தங்கச்சி, கட்டாரில் பல வருடம் லிப்ட் வேலைதான் செய்தேன். இப்போது ஊரில். உங்கட கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய ஏலாது. "லிப்ட் பழுது" என்றால் அவன் வருவான், வரும்போது லிப்ட் ஓடிக்கொண்டிருக்கும், "பார்த்தேன், சரி" என்று தாளில் எழுதிவிட்டுப் போவான். அவன் பொய் சொல்லவில்லை. வந்த நேரம் அது சரியாகத்தான் ஓடியது. விட்டு விட்டு வருகிற பழுதைப் பிடிக்க ஒரே வழி, அது நின்ற நேரம் உள்ளே இருந்த ஆள் கண்டதை எழுதி வைப்பது.

எனக்கு இதைச் சொல்லுங்கோ. எந்த மாடிக்குக் கிட்ட நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரே இடமா? மேலே போகும்போதா, கீழே வரும்போதா? நின்ற பிறகு உள்ளே லைட்டும் பேனும் வேலை செய்ததா? எத்தனை பேர் இருந்தார்கள்? மாடி இலக்கம் காட்டுகிற இடத்தில் வேறு ஏதாவது எழுத்து வந்ததா? கட்டடத்தின் தண்ணீர் மோட்டர் அந்த நேரம் ஓடியதா?

சுன்னாகம் தம்பி சொன்னதில் பாதி சரி. மின் அழுத்தம் விழுந்தால் லிப்டை நிறுத்துகிற பாதுகாப்பு கொன்ட்ரோலருக்குள் இருக்கிறது. ஆனால் அழுத்தத்துக்கு மாடி தெரியாது. அது எந்த மாடியிலும் நிறுத்தும், பின்னேரத்தில் கூடுதலாக நிறுத்தும். ஒரே இடத்தில் நிற்கிற லிப்டை வோல்ட்டேஜில் சாட்ட முடியாது.

சுன்னாகம் வயரிங் | 2025 பெப்ரவரி 17

லைட் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, லைட் போனால் கரண்ட் இல்லை. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, ஏன் இவ்வளவு கேள்வி?

கட்டுவன் பாஸ் | 2025 பெப்ரவரி 17

அதுதான் ஏமாற்றுகிற இடம். பெட்டிக்குள் இருக்கிற லைட்டுக்குத் தனி லைன், ஒரு பேஸ் போதும். மோட்டருக்கு மூன்று பேஸ் வேண்டும். மற்ற இரண்டில் ஒன்று போனால் லைட் எரியும், லிப்ட் நகராது. அதனால்தான் தண்ணீர் மோட்டரைக் கேட்டேன். அதுவும் மூன்று பேஸ் என்றால், இரண்டும் ஒரே நேரம் நிற்கிறதா என்று பார்க்கலாம். அப்படி நின்றால் மின்சார சபைக்குச் சொல்ல வேண்டிய விஷயம். லிப்ட் மட்டும் நின்றால் பழுது லிப்டுக்குள்.

கொக்குவில் கம்பஸ் | 2025 பெப்ரவரி 18

நாலு மாடிதானே, ஏறி இறங்கினால் உடம்புக்கு நல்லது. நாங்கள் ஹொஸ்டலில் லிப்டே இல்லாமல் இருந்தோம்.

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 18

தம்பி, அம்மாவுக்கு 68 வயது, வோக்கரோடு நடக்கிறார். ஐந்தாம் மாடியில் ஒரு ஐயா டயலிசிசுக்குப் போகிறவர். சிகிச்சை முடிந்து களைத்து வருகிற நாளில் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனதைப் பார்த்தேன். படியின் திருப்பத்தில் கதிரை சரிந்தபோது அவர் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்த பிடி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளவத்தை முன்னாள் செயலாளர் | 2025 பெப்ரவரி 18

சங்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். நான் கொழும்பில் ஒரு தொடர்மாடியில் செயலாளராக இருந்தவன்.

மாடிவீட்டு உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் அடிப்படை. கட்டடத்தின் திட்டவரைபடம் முறையாகப் பதிவானதும் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஆகிறார்கள். நாங்கள் வாய்ப்பேச்சில் சங்கம் என்பது அதைத்தான். படி, மொட்டைமாடி, லிப்ட் எல்லாம் பொதுப் பகுதி. அவற்றை நல்ல நிலையில் வைத்திருப்பது அதன் கடமை. வாடகைக்காரர் அதில் உறுப்பினர் இல்லை, கூட்டத்தில் வாக்கும் இல்லை. ஆனால் அங்கே குடியிருக்கிறவர், லிப்டைப் பாவிக்கிறவர், பழுதைக் கண்ணால் கண்டவர். ஆகவே கடிதத்தை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அதே கடிதத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர் "இதற்கு நான் உடன்படுகிறேன், பதிலை எனக்கும் அனுப்பவும்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போடட்டும். லண்டனில் இருந்தால் என்ன, அந்த ஒரு வரி வந்தபின் உங்கள் கடிதத்தை ஒதுக்கி வைக்க முடியாது.

இன்னொன்று. லிப்ட் கம்பனியோடு வருட ஒப்பந்தம் இரண்டு மாதிரி இருக்கும். ஒன்றில் பாகங்களும் அடங்கும். மற்றதில் வந்து பார்ப்பதும் எண்ணெய் விடுவதும் சுத்தம் செய்வதும் மட்டும், பாகம் மாற்ற வேண்டுமானால் தனியாக விலைக் கூற்று அனுப்புவார்கள், சங்கம் ஒப்புதல் தர வேண்டும். மலிவு என்பதால் சின்னக் கட்டடங்கள் இரண்டாவதைத்தான் எடுக்கும். அந்த விலைக் கூற்று செயலாளரின் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒப்புதல் இல்லாமல் வருகிற தம்பியால் சுவிட்சை நிறுத்திப் போடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? கடிதத்தில் நேராகக் கேளுங்கள்: "பாகம் எதையாவது மாற்றச் சொல்லிக் கம்பனி ஏற்கெனவே எழுதியிருக்கிறதா?"

ஸ்காபரோ | 2025 பெப்ரவரி 19

இது எனக்குப் புதுத் தகவல். என்னுடைய கட்டடத்தில் எந்த ஒப்பந்தம் என்று கேட்கப் போகிறேன். லிப்ட் செலவு எல்லா வீட்டுக்கும் சமமா? என்னுடையது கீழ்த்தளம், நான் லிப்டில் கால் வைப்பதே இல்லை.

வெள்ளவத்தை முன்னாள் செயலாளர் | 2025 பெப்ரவரி 19

ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்திருக்கிற பங்கு அளவுப்படிதான். கீழ்த்தளம் என்று விலக முடியாது. மொட்டைமாடிச் சீலிங் ஒழுகினால் உங்கள் தலையில் விழாது, ஆனாலும் அதற்கும் கட்டுகிறீர்கள்தானே.

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 22

காவலாளி ஐயாவின் மேசையில் ஒரு கொப்பி வைத்தேன், லிப்டுக்குள் ஒரு தாளும் ஒட்டினேன். சனம் நல்லாவே எழுதினார்கள். பழைய சம்பவங்களையும் கேட்டுக் குறித்தேன்.

ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் மாடிக்குக் கிட்ட. மேலே போகும்போதும் கீழே வரும்போதும். இரண்டாம் இலக்கத்தை யாரும் அமர்த்தாமல், அதைத் தாண்டிப் போகிற நேரத்தில்தான் நிற்கிறது. லைட்டும் பேனும் வேலை செய்திருக்கின்றன. இலக்கம் மறைந்து E என்ற எழுத்தோடு ஒரு எண் வந்ததை இரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்ததாகக் காவலாளி ஐயா சொல்கிறார். ஒரு ஆள் தனியாகப் போனால் குறைவு, நாலைந்து பேர் ஏறினால் கூடுதல்.

இதில் ஒட்டாதவை இரண்டு. ஒருநாள் மாலை ஐந்தாம் மாடியில் கதவு திறந்தபடியே நின்றது. மற்றது பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடு முழுக்க கரண்ட் போன நாள். அன்று முன்வீட்டு அன்ரி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். காவலாளி ஐயா ஒரு சாவியால் இரண்டாம் மாடிக் கதவைத் திறந்தார். பெட்டியின் தரை அவர் நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. அன்ரியைக் கையைப் பிடித்து இறக்கினார்கள்.

கட்டுவன் பாஸ் | 2025 பெப்ரவரி 22

தங்கச்சி, கடைசியில் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு பதறியது. முதலில் அதைச் சொல்கிறேன்.

பெட்டி நெஞ்சளவில் நிற்கும்போது அதன் தரைக்குக் கீழே மாடிக் கதவு திறந்திருக்கிற இடம் வெறும் கிணறு. இறங்குகிற ஆள் குதித்துக் கால் நழுவிப் பின்பக்கம் சாய்ந்தால், பெட்டிக்கு அடியால் நேராகக் கீழே. லிப்டில் மாட்டியவர்கள் சாவது பெரும்பாலும் மாட்டியதால் இல்லை, இப்படி இறக்கப் போய்த்தான். உள்ளே இருக்கிற வரைக்கும் பாதுகாப்பு. மூச்சு முட்டாது, பெட்டியில் காற்று வர வழி இருக்கிறது. மணியை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிரேக்கைக் கையால் விட்டுப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும், அதையும் பழகின ஆள் செய்ய வேண்டும். அந்த முக்கோணச் சாவி காவலாளியின் மேசையில் தொங்கவே கூடாது.

இனி பழுது. பெப்ரவரி 9ஐப் பிரித்து வையுங்கோ. கரண்ட் போனால் பற்றரியில் மெதுவாகக் கிட்டிய மாடிக்கு வந்து கதவைத் திறக்கிற ஏற்பாடு உங்கட லிப்டில் இருந்தால், அது அன்று வேலை செய்யவில்லை. பெரும்பாலும் பற்றரி செத்திருக்கும். மொட்டைமாடி அறைச் சூட்டில் அவை கன காலம் நிற்காது. செயலாளர் "கரண்ட்" என்று சொல்லலாம் என்றால் அந்த ஒரு நாளுக்குத்தான். அதற்கும் மருந்து புதுப் பற்றரி, பொறுமை இல்லை.

மற்றதெல்லாம் இரண்டாம் மாடிக் கதவு. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு லொக், அதற்குள் ஒரு கொன்டாக்ட். எல்லா மாடிக் கொன்டாக்டும் ஒரே வயரில் வரிசையாகக் கோர்த்திருக்கும். எந்த ஒன்று விலகினாலும் மோட்டர் நின்று பிரேக் பிடிக்கும். பெட்டிக் கதவில் நீளமான ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. மாடியில் நிற்கும்போது அது லொக்கின் சின்ன றோலரைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. நிற்காமல் தாண்டும்போது றோலரைத் தொடாமல் சில மில்லிமீற்றர் இடைவெளியில் போக வேண்டும். இரண்டாம் மாடிக் கதவு கொஞ்சம் தொங்கியிருந்தால் றோலர் தகட்டின் வழிக்குள் வந்துவிடும். தாண்டுகிற நேரம் தகடு உரசும், லொக் அசையும், கொன்டாக்ட் விலகும், லிப்ட் நிற்கும். சனம் கூடினால் பெட்டி ஒரு பக்கம் சரிகிறது, உரசல் கூடுகிறது. நீங்கள் எழுதியதோடு இது அப்படியே பொருந்துகிறது.

இரண்டாம் மாடியில் அண்மையில் ஏதாவது வேலை நடந்ததா?

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 22

நடந்தது. போன நவம்பரில், வெள்ளம் வந்த கிழமைக்குக் கொஞ்சம் முன், ஒரு வீட்டுக்கு மாபிள் பதித்தார்கள். டைல் பெட்டியும் சீமெந்தும் லிப்டில்தான் போயின. தள்ளுவண்டி கதவில் இடித்த அடையாளம் கீழ்ப்பகுதியில் இன்னும் இருக்கிறது. சங்கத்தில் ஒருவர் வெள்ளத்தில் லிப்டின் அடிக் குழிக்குள் தண்ணீர் போனதுதான் காரணம் என்றும் சொல்கிறார்.

கட்டுவன் பாஸ் | 2025 பெப்ரவரி 22

குழியில் தண்ணீர் நின்றால் அடியில் இருக்கிற சுவிட்சுகள் கறள் பிடிக்கும். அதைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அது இரண்டாம் மாடியைத் தேடிப் போய் நிறுத்தாது. தள்ளுவண்டிதான் என் சந்தேகம்.

E எண்ணை அப்படியே கடிதத்தில் போடுங்கோ. அதன் பொருள் கம்பனிக்குக் கம்பனி வேறு, இணையத்தில் தேடி நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

இன்னும் ஒன்று, இதை மறக்கக் கூடாது. பாகம் ஒன்றும் மாற்றாமல் திடீரென்று லிப்ட் "நல்லாகி" விட்டால் பயப்படுங்கோ. சில ஆட்கள் தொல்லை கொடுக்கிற கொன்டாக்டை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போவார்கள். பிறகு கதவு திறந்திருந்தாலும் லிப்ட் ஓடும். மாடிக் கதவு முழுதாக மூட முன்பே பெட்டி நகரத் தொடங்கினால் அன்றே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

சுன்னாகம் வயரிங் | 2025 பெப்ரவரி 22

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தபடி நின்றதே, அதை உங்கட றோலர் விளக்குமா? அது மாலை. நான் சொன்ன வோல்ட்டேஜ்தான் அது.

கட்டுவன் பாஸ் | 2025 பெப்ரவரி 22

இருக்கலாம். கதவுச் சென்சரில் தூசி என்றாலும் அப்படித்தான் திறந்தபடி நிற்கும். ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்ல ஏலாது.

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 23

இதுவரை சொன்னதை வைத்துத் திரும்ப எழுதினேன். நாளை நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குவேன். மின்னஞ்சலிலும் போகும்.

> திகதி: 2025.02.23
>
> செயலாளர் அவர்களுக்கு,
>
> இரண்டாம் மாடியருகே லிப்ட் அடிக்கடி நிற்பது தொடர்பாக
>
> நான் நாலாம் மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர். வீட்டு உரிமையாளர் இக்கடிதத்துக்கு உடன்பட்டு உங்களுக்குத் தனியே மின்னஞ்சல் அனுப்புகிறார்.
>
> குடியிருப்பாளர்கள் எழுதிய குறிப்புக் கொப்பியின் நகலை இணைத்துள்ளேன். லிப்ட் நின்ற இடம் ஏறக்குறைய எப்போதும் இரண்டாம் மாடியருகே. அந்த மாடிக்கு யாரும் அழைக்காமல், அதைத் தாண்டும்போது நிற்கிறது. அந்நேரங்களில் கட்டடத்தில் மின்சாரம் இருந்தது, தண்ணீர் மோட்டரும் ஓடியது. எனவே மின்தடை இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. திரையில் தோன்றிய எண் கொப்பியில் உள்ளது.
>
> பெப்ரவரி 9 ஆம் திகதி நாடளாவிய மின்தடையின்போது நின்றது வேறு விஷயம். அன்று லிப்ட் கிட்டிய மாடிக்கு வரவில்லை. உள்ளே இருந்தவரை இரண்டு மாடிக்கு நடுவிலிருந்து இறக்க வேண்டி வந்தது. இது உயிராபத்தான செயல்.
>
> நான் கேட்பவை:
>
> இரண்டாம் மாடிக் கதவு, அதன் லொக், கதவைத் தாங்கும் றோலர்கள் ஆகியவற்றைக் கம்பனி பெட்டியின் மேலிருந்து பரிசோதித்து, கண்டதையும் மாற்றியதையும் எழுத்தில் தர வேண்டும். எந்தப் பாதுகாப்புக் கொன்டாக்டும் வயரால் இணைக்கப்படவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். மின்தடை நேரத்துக்கான பற்றரியைச் சோதிக்க வேண்டும். பாகம் எதையும் மாற்றும்படி கம்பனி முன்னரே எழுதியிருந்தால் அதைக் குடியிருப்பாளர்களுக்கு அறியத்தர வேண்டும். கதவைத் திறக்கும் சாவி பயிற்சி பெற்றவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.
>
> வேலை முடியும்வரை, ஐந்தாம் மாடியில் டயலிசிஸ் செய்யும் ஐயா போய்வரும் நாள்களில் கம்பனி ஆள் ஒருவர் கூப்பிட்டவுடன் வரக்கூடியதாக இருக்க ஒழுங்கு செய்யவும்.
>
> பரிசோதனை நடக்கும் திகதியை மார்ச் 3 ஆம் திகதிக்கு முன் அறியத்தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளவத்தை முன்னாள் செயலாளர் | 2025 பெப்ரவரி 23

நல்லது. நான் செயலாளராக இருந்தபோது இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அப்படியே கம்பனிக்கு அனுப்பியிருப்பேன். "அசௌகரியம்" என்று வந்த கடிதங்களைக் கோப்பில் போட்டோம், வேறென்ன செய்வது. பதில் வராவிட்டால் அடுத்ததாகக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறையிடலாம். அதை இந்தக் கடிதத்தில் மிரட்டலாகப் போடாமல் விட்டது சரி.

கொக்குவில் கம்பஸ் | 2025 பெப்ரவரி 23

அந்த ஐயாவைக் கதிரையில் தூக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கோ அக்கா. நாங்கள் மூன்று பேர் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

நாலாம் மாடி | 2025 பெப்ரவரி 27

தம்பிமாருக்கு நன்றி. செவ்வாய்க்கிழமை வந்து தூக்கிப் போனார்கள்.

சிவராத்திரி முடிந்து இன்று செயலாளர் கூப்பிட்டார். கம்பனி டிசம்பரிலேயே விலைக் கூற்று அனுப்பியிருக்கிறது: இரண்டாம் மாடிக் கதவுக்குத் தொங்கு றோலர்களும் லொக்கும். குழு கூடாததால் ஒப்புதல் கொடுக்கவில்லையாம். அவர் கெட்ட மனிதர் இல்லை, பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு சம்பளமில்லாமல் இதைப் பார்க்கிறார். அந்தத் தாளில் இருந்த பாகப் பெயர்கள் அவருக்கு விளங்கவில்லை, லிப்ட் நிற்பதோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கவும் இல்லை. எங்கள் கொப்பியையும் விலைக் கூற்றையும் பக்கத்தில் வைத்துக் குழுவில் மூன்று பேருக்குக் காட்டினாராம். ஒப்புதல் போய்விட்டது.

ஸ்காபரோ | 2025 பெப்ரவரி 28

டிசம்பரிலிருந்து ஒரு தாள் கிடந்ததா! மாபிள் பதித்த வீட்டுக்காரரிடம் அல்லவா அந்தக் காசை வாங்க வேண்டும்?

வெள்ளவத்தை முன்னாள் செயலாளர் | 2025 மார்ச் 1

வண்டிதான் இடித்தது என்று நிரூபிக்க வேண்டும். கேட்கலாம், ஆனால் அதற்காகத் திருத்த வேலையை நிறுத்தக் கூடாது. கதவை முதலில் செய்யட்டும், காசை யாரிடம் அறவிடுவது என்பதைக் கூட்டத்தில் பேசட்டும்.

நாலாம் மாடி | 2025 மார்ச் 8

வேலை நடந்தது. கம்பனித் தம்பி பெட்டியின் கூரையில் ஏறி மெதுவாக ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் மாடிக் கதவைத் தாங்கும் றோலர்களைக் கழற்றிக் காட்டினார். ஒன்று வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, கறுப்பு ரப்பர் உரிந்து, உள்ளே உலோகம் தெரிந்தது. லொக்கின் சின்ன றோலரில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, தகடு உரசிய இடம். கதவு ஓடுகிற அலுமினியத் தடத்தில் சீமெந்து காய்ந்து கட்டியாகப் பிடித்திருந்தது, அதை உளியால் தட்டி எடுத்தார். எல்லாம் மாற்றி, கதவை உயர்த்தி, லொக்கை ஒழுங்குபடுத்தினார். எழுத்தில் அறிக்கையும் வந்தது, வயர் இணைப்பு எதுவும் இல்லை என்ற வரியோடு. குழியில் ஒரு சுவிட்சு கறள் என்று அதையும் மாற்றினார்.

கட்டுவன் பாஸ் | 2025 மார்ச் 8

நல்ல வேலை. பெட்டி தண்டவாளத்தில் வழுக்கிப் போகிற பிடிகளின் தேய்மானம் பார்த்தாரா? சனம் கூடினால் கூடுதலாக நிற்கிறது என்றீர்களே. அவை தேய்ந்திருந்தால் கொஞ்சக் காலத்தில் இன்னொரு மாடியில் இதே கதை.

நாலாம் மாடி | 2025 மார்ச் 9

பார்த்தார். தேய்மானம் இருக்கிறது, இந்த வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். பற்றரியும் செத்துத்தான் போயிருக்கிறது. இரண்டுக்கும் புது விலைக் கூற்று வந்துவிட்டது. அவை ஏப்ரல் கூட்டத்துக்குப் போகும் என்கிறார் செயலாளர். கரண்ட் போனால் இன்னும் நடுவில்தான் நிற்கும், ஆகவே பற்றரியைக் கூட்டம் வரை தள்ளக் கூடாது என்று இன்று இரண்டாவது கடிதம் கொடுத்தேன். வீட்டுச் சொந்தக்காரரும் லண்டனிலிருந்து தன் பங்கை முன்கூட்டியே தரச் சம்மதம் என்று எழுதியிருக்கிறார். சாவியைச் செயலாளர் வாங்கித் தன் வீட்டில் வைத்திருக்கிறார். கம்பனி காவலாளி ஐயாவுக்குப் பயிற்சி கொடுக்கும்வரை அங்கேயே இருக்கும்.

சுன்னாகம் வயரிங் | 2025 மார்ச் 15

ஐந்தாம் மாடி?

நாலாம் மாடி | 2025 மார்ச் 15

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கிட்டத் திரும்பவும் கதவு திறந்தபடி நின்றது. சென்சரைத் துடைத்துப் பார்த்தோம், கொஞ்ச நேரத்தில் தானாக ஓடியது. துடைத்ததாலா, தானாகவா தெரியவில்லை. உங்கட மீற்றரோடு ஒருநாள் மாலை வந்து அளந்து தர முடியுமா? அளந்ததைக் கொப்பியில் நேரத்தோடு எழுதிவிடலாம்.

சுன்னாகம் வயரிங் | 2025 மார்ச் 15

செவ்வாய் ஆறரைக்கு வாறன். மூன்று பேசையும் தனித்தனியாக அளக்க வேண்டும், மொட்டைமாடி அறைச் சாவியைச் செயலாளரிடம் கேட்டு வையுங்கோ. கம்பனித் தம்பியையும் அந்த நேரம் வரச் சொன்னால் நல்லது, கொன்ட்ரோலரை நான் தொட மாட்டேன்.